அழைப்புக் கடிதத்தில் பெயரும் தேதியும்: எதை வைத்துச் சரிபார்ப்பது?

கேள்வி: அப்பா அம்மாவைக் கனடாவுக்கு அழைக்கக் கடிதம் தயார். அனுப்பும் முன் பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகளை எப்படிச் சரிபார்ப்பது?

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஆதாரையோ பழைய கடிதத்தையோ பார்த்து அடிக்க வேண்டாம். நம் ஊர்ப் பெயர்களில் சிக்கலே இனிஷியல்தான். ஆதாரில் Selvaraj K என்று இருக்கும், நாமும் பழக்கத்தில் K. Selvaraj என்று எழுதிவிடுவோம். பாஸ்போர்ட்டிலோ Surname கட்டத்தில் KANDASAMY, Given Name கட்டத்தில் SELVARAJ என்று பிரிந்திருக்கும். எது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் போட்டோ பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகளில் முதல் வரியைப் பாருங்கள்:

```
P<INDKANDASAMY<<SELVARAJ<<<<<<<<<<<<<<<<<<<<
```

இரட்டை << குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பது சொந்தப் பெயர். கடிதத்திலும் விசா விண்ணப்பத்திலும் இதே எழுத்துகள்தான் வர வேண்டும். பாஸ்போர்ட்டில் VASANTHA என்று இருந்தால், வீட்டில் எல்லோரும் வசந்தி என்று கூப்பிட்டாலும் கடிதத்தில் VASANTHAதான். உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் இருக்குமே, அதையும் ஒப்பிடுங்கள். உறவுக்கு ஆதாரமாக அதைக் காட்டுகிறீர்கள் என்றால் அங்கே வேறு ஸ்பெல்லிங் இருப்பது கேள்வியைக் கிளப்பும். இரண்டு ஸ்பெல்லிங்கும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதி, நோட்டரி அஃபிடவிட் ஒன்றும் இணைத்துவிடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் எண் ஓர் ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கங்களும் கொண்டது. ஆகவே முதல் எழுத்துக்குப் பிறகு O என்று தெரிந்தால் அது பூஜ்யம்தான். புதுப்பித்தவருக்கு எண்ணும் மாறியிருக்கும். பழைய எண் புதிய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலேயே அச்சாகியிருப்பதால், அவசரத்தில் அதை எடுத்து எழுதிவிடுபவர்கள் உண்டு.

தேதிகளில் காலாவதி நாள்தான் அதிகம் தவறுவது. 12/03/2019 அன்று கொடுத்த பத்து வருட பாஸ்போர்ட் 11/03/2029 அன்று முடியும். மனக்கணக்காகப் பத்தைக் கூட்டி 12/03/2029 என்று அடித்தால் ஒரு நாள் தப்பு. அப்புறம், 05/06/1958 என்று எண்ணாகவே எழுத வேண்டாம். அங்கே மே 6 என்று படிப்பவரும் இருப்பார். 05 June 1958 என்று மாதத்தை எழுத்தில் போடுங்கள்.

பயண நாட்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஆதாரம் கிடையாது, விண்ணப்பத்தோடுதான் ஒப்பிட வேண்டும். கடிதத்தில் “90 நாட்கள்” என்றும், கீழே 10 June முதல் 8 September வரை என்றும் இருந்தால், வரும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்து அது 91.

கடைசியாக, ஒருவர் பாஸ்போர்ட்டிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்ல, இன்னொருவர் கடிதத்தைப் பார்க்கட்டும். கடிதத்தை அடித்தவர் சொல்பவராக இருக்கட்டும், பார்ப்பவர் வேறு ஆள். வேர்டு கோப்பில் வேண்டாம், கையெழுத்திடப் போகும் பிரதியிலேயே பாருங்கள். அம்மாவின் கடிதத்தை அப்பாவுடையதிலிருந்து நகலெடுத்திருந்தால், அச்சிடும் முன் வேர்டு கோப்பிலேயே his, father என்று Ctrl+F போட்டுத் தேடுங்கள், எங்காவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.