கட்டணம் குறைந்ததால் நடுவழியில் நிற்கும் பிட்கொயின்

கேள்வி: தெஹிவளையில் இருக்கும் நண்பருக்கு நேற்றுக் காலை என் லப்டொப்பில் உள்ள இலெக்ட்ரம் வொலட்டிலிருந்து பிட்கொயின் அனுப்பினேன். செலவைக் குறைக்கலாம் என்று கட்டணத்தை 2 ஆக இறக்கிவிட்டேன். 30 மணித்தியாலம் கடந்தும் "Unconfirmed" என்றே காட்டுகிறது. காசு போய்விட்டதா? காத்திருக்கவா, திருப்பி எடுக்கலாமா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: காசு எங்கும் போகவில்லை. பிட்கொயின் பேரேட்டின் ஒரு பக்கம் போன்ற பிளொக் ஒன்றில் பதிவாகும்வரை அது உங்கள் முகவரியின் கணக்கில்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பியது கையெழுத்திட்ட ஒரு கட்டளை. உலகெங்கும் உள்ள கணினிகள் அதை மெம்பூல் எனப்படும் காத்திருப்போர் வரிசையில் வைத்திருக்கின்றன. அதற்குப் பதிலாக வேறொரு கட்டளையை அனுப்பும் வாய்ப்பு உங்களுக்கு இன்னும் உண்டு.

அது ஏன் நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் வழி தானாகத் தெரியும். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளொக் உருவாகும். அதில் சுமார் பத்து இலட்சம் வேர்ச்சுவல் பைட்டுக்குத்தான் இடம். பிளொக்கை உருவாக்கும் மைனர்கள் ஒரு பைட்டுக்கு அதிகம் தருபவரையே முதலில் ஏற்றுவார்கள். எவ்வளவு பெறுமதியை அனுப்புகிறீர்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டே அல்ல. ஆயிரம் ரூபாய் அனுப்பினாலும் பத்து இலட்சம் அனுப்பினாலும், கட்டளையின் நீளம் ஒன்றென்றால் கட்டணமும் ஒன்றே. ஆகவே நீங்கள் போட்ட 2 என்பது மொத்தக் கட்டணம் அல்ல, ஒரு பைட்டுக்கு 2 சடோஷி. பிட்கொயினின் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் ஒரு சடோஷி. bc1q என்று தொடங்கும் முகவரிக்கு முன்பு வந்து சேர்ந்த ஒரேயொரு தொகையை எடுத்து, நண்பருக்கு ஒரு பங்கும் மீதி உங்களுக்குமாக அனுப்பினால் கட்டளை ஏறக்குறைய 141 பைட் வரும். அதாவது நீங்கள் கொடுத்தது 282 சடோஷி. சில்லறை சில்லறையாகச் சேர்ந்த தொகைகளைக் கூட்டி அனுப்பியிருந்தால், கூடும் ஒவ்வொரு தொகைக்கும் இன்னும் 68 பைட் ஏறும்.

முதலில் செய்ய வேண்டியது: இலெக்ட்ரமில் History பக்கத்தில் அந்த வரியை இருமுறை சொடுக்கி, Transaction ID என்ற நீண்ட எண்ணைப் பிரதி எடுத்து, mempool.space தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். உங்கள் கட்டண வீதம், அடுத்த பிளொக்கில் ஏற இப்போது தேவைப்படும் வீதம் இரண்டும் தெரியும். அடுத்த பிளொக்குக்கு 3 கேட்கிறது, அவசரமும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். வரிசை பெரும்பாலும் வார இறுதியில் இளகும். அமெரிக்கா தூங்கும் நேரமான நம் பகல் வேளையிலும் அப்படித்தான். 9 அல்லது 10 கேட்கிறது, நண்பருக்கும் காசு அவசரம் என்றால் காத்திருப்பதில் பொருளில்லை.

"இரண்டு வாரம் விட்டால் தானே ரத்தாகிவிடும்" என்று பலரும் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். பிட்கொயின் கோர் மென்பொருள் இயல்பான அமைப்பில் 336 மணித்தியாலம், அதாவது 14 நாட்கள் கழித்து அக்கட்டளையை மறந்துவிடுவது உண்மைதான். 300 மெகாபைட் கொண்ட அதன் வரிசை நிரம்பிவிட்டால், குறைந்த வீதம் உள்ளவற்றை அதற்கு முன்னரே தள்ளிவிடும். ஆனால் கணினிகள் மறந்ததால் கட்டளை செல்லாமல் போவதில்லை. உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கிறது. உங்கள் வொலட்டோ நண்பரோ வேறு யாரோ அதை மறுபடி ஒலிபரப்பினால் உயிர் பெறும். இது தெரியாமல் பழையது செத்துவிட்டது என்று எண்ணி, வேறு தொகையிலிருந்து புதிதாக அனுப்புபவர்கள் இரண்டு முறை கொடுத்து முடிக்கிறார்கள். அதே தொகையை வேறிடத்தில் செலவழித்து, அது பிளொக்கில் பதிந்தால்தான் பழைய கட்டளை உண்மையில் இறக்கும். விரைவுபடுத்துவதும் ரத்துச் செய்வதும் இந்த ஒரு விதியில்தான் நிற்கின்றன.

உங்களுக்கு நான் சொல்வது விரைவுபடுத்தும் வழி. அந்த வரியில் வலப்பக்கச் சொடுக்கு, பின் "Increase fee". புதிய வீதமாக 10 இடுங்கள். 141 பைட்டுக்கு மொத்தம் 1,410 சடோஷி, அதாவது ஏற்கெனவே கொடுத்ததைவிட 1,128 கூடுதல். இது உங்களுக்குத் திரும்பி வரும் மீதியில் கழியும்படி தெரிவு செய்தால் நண்பருக்குச் சேரும் தொகை குறையாது. கையெழுத்திட்டு அனுப்புமுன், பெறும் முகவரியும் தொகையும் பழையபடியே இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். புதிய கட்டளைக்குப் புதிய Transaction ID வரும். அதை நண்பருக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் பழைய எண்ணையே தேடி, நீங்கள் காசைத் திருப்பி எடுத்துவிட்டதாக நினைக்கக்கூடும். 2 ஐ 3 ஆக்குவது, 4 ஆக்குவது என்று சிறுகச் சிறுக ஏற்றாதீர்கள். ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட மொத்தக் கட்டணம் கூட வேண்டும், வரிசையும் அதற்குள் நகர்ந்திருக்கும்.

அனுப்பியதே தவறு என்றால் அதே பட்டியலில் "Cancel (double-spend)" உண்டு. பெயர் ரத்து என்றாலும், அதே தொகையை உங்களுக்கே கூடிய கட்டணத்தில் திருப்பி அனுப்புவதுதான் அங்கே நடப்பது. போகும் முகவரி ஒன்றே என்பதால் ஏறக்குறைய 110 பைட். வீதம் 10 என்றால் 1,100 சடோஷி செலவாகும். அது பிளொக்கில் ஏறும்வரை இரண்டும் போட்டியில் இருக்கும். பழையதை ஏதாவது ஒரு மைனர் முந்திக்கொண்டு ஏற்றிவிட்டால் செய்ய எதுவும் இல்லை. எனவே ரத்து உறுதியாகும்வரை நண்பரிடம் "காசு திரும்பிவிட்டது" என்று சொல்லாதீர்கள். பதிந்த பிறகு எந்தப் பொத்தானும் உதவாது.

நண்பர் பக்கத்திலிருந்தும் ஒரு வழி இருக்கிறது. அவரிடம் இருப்பது எக்ஸ்சேஞ்ச் கணக்கு அல்லாமல் சாவி அவர் கையில் உள்ள வொலட் என்றால், வந்து சேராத அந்தத் தொகையையே அவர் தனக்குத் தானே அனுப்பி, கட்டணத்தைக் கூட்டிப் போடலாம். இரண்டாவதை ஏற்றி அந்தக் கூலியைப் பெற மைனர் முதலாவதையும் ஏற்றியாக வேண்டும். கணக்கு இப்படி: 141, 110 இரண்டும் சேர்ந்து 251 பைட். வீதம் 10 என்றால் 2,510. நீங்கள் கொடுத்த 282 போக அவர் 2,228 சடோஷி போட வேண்டும். உங்கள் வழியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு. ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பப்பட்ட பிட்கொயின் நின்றுவிட்டால் பெறுபவர் தன் வொலட்டிலிருந்தே செய்யக்கூடியது இது ஒன்றுதான். சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருப்பதால் கட்டணத்தைக் கூட்டும் பொத்தான் அனுப்பியவர் கையில் இருக்காது.

இந்த நேரத்தில்தான் உதவுகிறேன் என்று முன்பின் தெரியாதவர்கள் வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருவார்கள். வெளியார் ஒருவர் கட்டளையை விரைவுபடுத்த உண்மையில் Transaction ID மட்டும் போதும். மீட்புச் சொற்களையோ கடவுச்சொல்லையோ யார் கேட்டாலும், உங்கள் கணினிக்குள் நுழைய அனுமதி கேட்டாலும், அது திருட்டு முயற்சி. இலங்கையில் மெய்நிகர் நாணயங்களுக்கு ஒழுங்குமுறைப் பாதுகாப்பு இல்லை என்று மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்படிப் பறிபோனதை எந்த வங்கியும் மீட்டுத் தராது.

கட்டணத்தைக் கூட்டி அனுப்பியதும் mempool.space தளத்தில் புதிய எண்ணைத் தேடுங்கள். "Unconfirmed" மறைந்து "1 confirmation" என்று வந்தால் நண்பருக்குச் சேர்ந்துவிட்டது. பெரிய தொகை என்றால் 6 வரும்வரை, சுமார் ஒரு மணித்தியாலம், பொறுக்கச் சொல்லுங்கள்.