பிரிட்டன் அளவிலிருந்து ஐரோப்பிய ஷூ அளவுக்கு மாற்றுவது எப்படி?

"பொருள் பட்டியலில் பிரிட்டன் அளவோடு 33 கூட்டி ஐரோப்பிய அளவு போடுகிறேன். 5-க்குச் சரியாக வருகிறது, பெரிய அளவுகளில் இடிக்கிறதே, ஏன்?"

இரண்டிலும் படியின் நீளம் வேறு. பிரிட்டன் அளவு ஒன்று கூடினால் ஷூவைத் தைக்கப் பயன்படும் கால்வடிவ அச்சு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.47 மி.மீ. நீளும். ஐரோப்பியப் படி 6.67 மி.மீ. மட்டுமே. அதனால் வித்தியாசம் நிலையாக இருக்காது, மேலே போகப்போக விரியும். விரிதாளில் பிரிட்டன் அளவு A2-இல் இருந்தால், கூட்டலுக்குப் பதில் இதைப் போடுங்கள்:

```
=ROUND((A2+25)*1.27,0)
```

5-க்கு 38, 8-க்கு 42, 11-க்கு 46 வரும். வித்தியாசம் 33, 34, 35.

இது பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகள் அளவு 13-க்குப் பிறகு மறுபடி 1-இல் தொடங்குவதால், 13 வரையிலான அளவுகளுக்கு 25-க்குப் பதில் 12 கூட்ட வேண்டும். வெறும் '10' என்றிருந்தால் யாருடையது என்று தெரியாது. குழந்தையா பெரியவரா என்று குறிக்கத் தனி நெடுவரிசை வையுங்கள்.

மூல அளவை மட்டும் அழித்துவிடாதீர்கள். 8.5, 9 இரண்டுமே 43 ஆகிவிடும். திரும்பப் பிரிக்க வழியில்லை. தயாரிப்பாளரின் அட்டவணை கிடைத்தால், சூத்திரத்தைவிட அதையே நம்புவேன். அச்சில் விரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் விடுவது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.