அடைப்பு அப்படியே இருக்க, நாடித்துடிப்பைக் குறைத்தால் நெஞ்சுவலி ஏன் குறைகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது. ஆஞ்சியோவில் ஒரு ரத்தக்குழாயில் 70% அடைப்பு, இப்போதைக்கு மாத்திரை போதும் என்றார்கள். பிரஷர் நார்மல். ஆனாலும் டாக்டர் ஒவ்வொரு முறையும் நாடியைத்தான் பார்க்கிறார், 60-க்குக் கொண்டுவரணும் என்கிறார். அடைப்பு அப்படியே இருக்கும்போது துடிப்பைக் குறைத்து என்ன பயன்?

பதில்:

நிறையப் பயன் இருக்கிறது. வலி எப்போது வரும் என்பதை அடைப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த நிமிடத்தில் இதயத் தசைக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும், எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் கணக்கு. துடிப்பு வேகமானால் தேவை கூடும், அதே நேரத்தில் வரத்து குறையும். இதய நோய்ப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் அப்பாவின் டாக்டர் பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்க்கிறார்.

முதலில் வரத்து. உடலின் மற்ற தசைகளுக்கு அவசரத்துக்குக் கைகொடுக்க ஒரு கையிருப்பு உண்டு. ஓய்வில் இருக்கும்போது அவை ரத்தத்தில் வரும் ஆக்சிஜனில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். வேலை கூடினால் அதே ரத்தத்திலிருந்து இன்னும் அதிகமாக உறிஞ்சும். இதயத் தசைக்கு அந்த வசதி இல்லை. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது தன்னிடம் வரும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. ஆகவே தேவை கூடினால் ஒரே வழிதான்: அதிக ரத்தம் வர வேண்டும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி நாளங்கள் ஆரோக்கியமாக இருந்தால் விரிந்து நான்கைந்து மடங்கு ரத்தத்தை விட்டுக்கொடுக்கும். அடைப்பு உள்ள இடத்தில், அதற்குப் பின்னால் இருக்கும் சிறு நாளங்கள் ஓய்விலேயே ஓரளவு விரிந்து குறையை ஈடுகட்டிக்கொண்டிருக்கும். மாடி ஏறும்போது மேற்கொண்டு விரிய அவற்றுக்கு அதிக இடம் இருக்காது. அதற்குப் பிறகு ரத்த ஓட்டம் இரண்டை நம்பியே இருக்கிறது: தள்ளும் அழுத்தம், கிடைக்கும் நேரம்.

அந்த நேரம்தான் இங்கே முக்கியம். இடது கீழறை சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் நாளங்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. அதனால் அந்தச் சுவருக்குப் போகும் ரத்தத்தின் பெரும்பகுதி, இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும் டயஸ்டோல் கட்டத்தில்தான் போகிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 1 நொடி. அதில் சுருங்குவதற்குச் சுமார் 0.35 நொடி, தளர்வுக்கு 0.65. துடிப்பு 120 ஆனால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது அரை நொடி. சுருங்கும் நேரம் அதே விகிதத்தில் குறையாது, சுமார் 0.25 நொடிவரைதான் இறங்கும். மிச்சம் 0.25 நொடிதான் தளர்வுக்கு. நிமிடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்: 60 துடிப்பில் 39 நொடி ரத்தம் போக வழி திறந்திருந்தது, 120-ல் 30 நொடிதான். வேலை இரட்டிப்பான நேரத்தில் வரத்துக்கான நேரம் கால்பங்கு சுருங்கிவிட்டது. இதில் முதலில் அடிபடுவது சுவரின் உள்ளடுக்கு. அறைக்குள் இருக்கும் அழுத்தம் முழுதாக அதன்மேல்தான் விழுகிறது.

இனித் தேவை. துடிப்பின் வேகம், சுருங்கும் வலிமை, சுவர் தாங்கும் இழுவிசை, இந்த மூன்றும்தான் பெரிய செலவுகள். இழுவிசை அறையின் அழுத்தத்தோடும் அகலத்தோடும் கூடும்; பிரஷர் ஏறினாலும் இதயம் விரிந்துபோனாலும் செலவு ஏறுவது அதனால்தான். ஆனால் மாடி ஏறும்போது எது எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். மேல் பிரஷர் 130-லிருந்து 170-க்குப் போகலாம். துடிப்போ 70-லிருந்து 130, 140 என்று இரட்டிப்பாகிவிடும். ஒவ்வொரு துடிப்பும் ஒரு முழுச் செலவு. அன்றாட வாழ்க்கையில் அதிகம் ஆடுவது துடிப்புதான்.

டிரெட்மில் சோதனையில் இது கண்ணெதிரே தெரியும். உங்கள் அப்பா மாதிரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத்திரை தொடங்குமுன் ஓய்வில் துடிப்பு 82. இரண்டாம் கட்டத்தில் நடக்கும்போது துடிப்பு 118, மேல் பிரஷர் 156. நெஞ்சு இறுக்குகிறது என்கிறார், இ.சி.ஜி.யில் எஸ்.டி. என்ற பகுதி கீழே இறங்குகிறது, இதயத் தசைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்பதன் அடையாளம் அது. இதயத்தின் ஆக்சிஜன் தேவையைக் கணிக்க துடிப்பையும் மேல் பிரஷரையும் பெருக்கிப் பார்ப்போம்; இங்கே அது 18,408. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையான பைசோப்ரோலால் சில வாரம் எடுத்தபின் ஓய்வுத் துடிப்பு 60. அதே இரண்டாம் கட்டத்தில் இப்போது துடிப்பு 94, பிரஷர் 144, பெருக்குத் தொகை 13,536. வலி இல்லை, எஸ்.டி. இறங்கவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போய் துடிப்பு 112, பிரஷர் 160 ஆகும்போதுதான் வலி எட்டிப் பார்க்கிறது. தொகை 17,920. அடைப்பு மாறவில்லை, வலி தொடங்கும் எல்லையும் பெரிதாக மாறவில்லை. அந்த எல்லையைத் தொடுமுன் அவரால் செய்ய முடிகிற வேலைதான் கூடியிருக்கிறது. நிலையான ஆஞ்சைனா, அதாவது உழைக்கும்போது ஒரே மாதிரி வரும் இதய வலி உள்ள ஒருவருக்கு இந்தத் தொகை சோதனைக்குச் சோதனை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதால்தான் நாங்கள் அதை இவ்வளவு நம்புகிறோம்.

பிரஷரை மட்டும் குறைத்தால் போதாதா என்றால், சில நேரம் அது எதிராகவே போகும். வேகமாகச் செயல்படும் பழைய வகை நிஃபெடிபைன் பிரஷரைச் சட்டென்று இறக்கும், உடல் பதறித் துடிப்பை ஏற்றும், சிலருக்கு வலி கூடிவிடும். கரோனரிக்கு ரத்தத்தைத் தள்ளுவது டயஸ்டோல் நேரத்து அழுத்தம் என்பதால், அதை அதிகம் இறக்குவதும் வரத்தைக் கெடுக்கும். நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் வேறு வழியில் உதவுகிறது: சிரைகளை விரித்து, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்து, அறையின் அகலத்தையும் இழுவிசையையும் இறக்குகிறது. அதுவும் துடிப்பைக் கொஞ்சம் ஏற்றும் என்பதால் பீட்டா பிளாக்கரோடு நன்றாக ஒத்துப்போகிறது.

இதற்கு எல்லைகளும் உண்டு. துடிப்பை மிகவும் இறக்கினால் மயக்கம், களைப்பு வரும். தளர்வு நேரம் நீண்டு அறை அதிகம் நிரம்பி இழுவிசை ஏறும். அதனால்தான் பொதுவாக 55 முதல் 60-ஐக் குறிவைக்கிறோம், அதற்கும் கீழே போக முயல்வதில்லை. நாளம் திடீரென்று சுருங்கிக்கொள்வதால் ஓய்வில், பெரும்பாலும் விடியற்காலையில் வரும் ஆஞ்சைனாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பீட்டா பிளாக்கர் நிலைமையை மோசமாக்கக்கூடும்; நாளத்தை விரிக்கும் கால்சியம் சேனல் பிளாக்கர் வகை மருந்துதான் வேண்டும்.

அப்பாவுக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. உட்கார்ந்திருக்கும்போது மட்டும் நாடி பார்க்காதீர்கள். வழக்கமான மாடியை, வலி வராத அளவுக்கு ஏறியதும் உடனே 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கி எழுதிவையுங்கள். ஓய்வில் 62 இருந்தும் ஏறியவுடன் 125 வந்தால் மருந்தின் அளவு போதவில்லை என்று டாக்டருக்குப் புரியும். நன்றாக இருந்தவருக்கு ஓய்வுத் துடிப்பே 85, 90 என்று ஏறியிருந்தால் ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல், துடிப்பின் ஒழுங்கின்மை இவற்றைத் தேடச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் வரத்தும் குறைகிறது, துடிப்பும் ஏறுகிறது. வலி நின்றுவிட்டதே என்று மாத்திரையைத் திடீரென்று நிறுத்த விடாதீர்கள், துடிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பி மாரடைப்புவரை கொண்டுபோகலாம். ஓய்விலேயே வலி வந்தாலோ, நைட்ரேட் வைத்து 5 நிமிடத்தில் அடங்காவிட்டாலோ நாடி எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.