ஃபிரிட்ஜில் லேபிள் உரியாமல் இருக்க

"காரைக்குடியில் வாடகை ரூம், நாலு பேருக்கு ஒரே ஃபிரிட்ஜ். பேர் எழுதி ஒட்டினா உரிஞ்சு விழுது. மாவு யாருதுன்னு தினமும் சண்டை."

குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்ததும் வேர்க்கும். அந்த ஈரத்தில் பசை பிடிக்காது. மாவு ஊற்றும் முன், டப்பா காய்ந்திருக்கும்போதே மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பெர்மனென்ட் மார்க்கரில் பேரும் அரைத்த தேதியும் எழுதுங்க. மூடியில் ஒட்டாதீங்க, பக்கவாட்டில் ஒட்டுங்க. கழுவும்போது மூடிகள் மாறிடும், பாதிச் சண்டை அதனால்தான்!

அரைத்த மாவைப் பாதி டப்பாவுக்கு மேல் நிரப்ப வேண்டாம். நம்மூர் வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிடும். பொங்கியதும் கிளறாமல் உள்ளே வைங்க. கதவுத் தட்டு வேண்டாம். திறக்கத் திறக்க அங்கே சூடேறி மாவு சீக்கிரம் புளிக்கும். நடுத்தட்டின் பின்பக்கம் சரி. கோழி, மீன் மூடிய டப்பாவில் அடித்தட்டில் மட்டும், நீர் சொட்டினாலும் மற்றதில் படாது.