லிங்க்ட்இன் வழியாக வெளிநாட்டு வாங்குநரை அணுகுவது: சிறு ஏற்றுமதியாளர்களின் கேள்வி பதில்

பதில் சொல்பவர் திருப்பூரில் பல ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக இருந்தவர். இப்போது சிறு ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஆலோசனை தருகிறார்.

திருப்பூர், குழந்தை ஆடை: அண்ணா, இருபது தையல் இயந்திரங்கள் வைத்திருக்கிறேன். ஐரோப்பாவின் பெரிய பிராண்டுகளில் சோர்சிங் மேனேஜர்களாக இருப்பவர்களுக்கு நூற்றுக்கணக்கில் அழைப்பு அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் தரவில்லை.

தம்பி, நீங்கள் தட்டியது உங்களுக்கான கதவு அல்ல. அந்த மேனேஜருக்கு உங்கள் வேலை பிடித்தாலும் ஆர்டர் தர அவருக்கு அதிகாரம் இருக்காது. தணிக்கை முடித்துப் பட்டியலில் ஏறிய தொழிற்சாலைகளிடம்தான் அவர் வாங்க முடியும். அதுவும் பெரும்பாலும் இங்குள்ள தொடர்பு அலுவலகம் அல்லது பையிங் ஹவுஸ் வழியாகத்தான் நடக்கும்.

உங்களுக்கு உரியவர், ஒரு ஸ்டைலில் 300 முதல் 500 துண்டுகள் எடுக்கும் சிறு லேபிள்காரர். அங்கே நிறுவனரே வாங்குநர். தேடல் பெட்டியில் `kidswear founder` என்று போட்டு, நாட்டைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் நிறுவனங்களின் பக்கத்தில் ஊழியர் எண்ணிக்கை 2-10 அல்லது 11-50 என்று இருந்தால் அவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு ஐந்தாறு பெயர்கள் போதும்.

அழைப்பு அனுப்புவதற்கு முன் அவர்களுடைய இணையக் கடையைப் பொறுமையாகப் படியுங்கள். நெதர்லாந்தில் ஒரு சிறு லேபிள் ரிப் லெக்கிங்ஸ் விற்கிறது என்று வையுங்கள். துணி 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன், தைப்பது போர்ச்சுகலில். அப்படியானால் அவர் சிறிய அளவுக்கும் விரைவான டெலிவரிக்கும் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று ஊகிக்கலாம். அவருக்கு எழுத மூன்று வாக்கியங்கள் போதும். உங்கள் ரிப் லெக்கிங்ஸைப் பார்த்தேன். நாங்கள் திருப்பூரில் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு ரிப், இன்டர்லாக் துணியில் தைக்கிறோம், ஒரு நிறத்துக்கு 300 துண்டுகள் முதல் எடுத்துக்கொள்வோம். அதே துணியில் ஒரு மாதிரி தைத்து அனுப்பலாமா? இவ்வளவுதான். கேட்டலாக் இணைக்க வேண்டாம், நிறுவன வரலாறும் வேண்டாம்.

அந்த 300 என்ற எண்ணை எழுதும் முன் சாய ஆலையில் பேசிவிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு லெக்கிங்ஸுக்கு 80 கிராம் துணி என்றால் 300 துண்டுக்கு 24 கிலோ. வெட்டுக் கழிவும் சேர்ந்து 28 கிலோ ஆகும். இவ்வளவு சிறிய லாட்டுக்குப் பெரிய சாய இயந்திரத்தை ஓட்ட மாட்டார்கள். சிறிய இயந்திரம் உள்ள ஆலையைப் பிடித்தாலும், எத்தனை கிலோ கொடுத்தாலும் ஒரு குறைந்தபட்சத் தொகை கேட்பார்கள். அந்தச் செலவை 300 துண்டுகளுக்குப் பிரித்துப் பார்த்த பிறகும் விலை நின்றால் மட்டும் அந்த எண்ணைச் சொல்லுங்கள். வாங்குநர் சம்மதித்த பிறகு "ஒரு நிறத்துக்கு 1,000 வேண்டும்" என்றால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும்.

அவிநாசி, பின்னலாடை: நான் ஆர்கானிக் ஜவுளிக்கான ஜிஓடிஎஸ் சான்று பெற்ற நூல்தான் வாங்குகிறேன். அதனால் சுயவிவரத்தின் முதல் வரியிலேயே 'ஜிஓடிஎஸ் ஆடைகள்' என்று எழுதியிருக்கிறேன். நல்ல கவனிப்பு கிடைக்கிறது.

இன்றே எடுத்துவிடுங்கள். நூலுக்குச் சான்று இருப்பது உண்மை, நல்லதும்கூட. ஆனால் அந்தச் சான்று நூற்பாலையோடு நின்றுவிடுகிறது. பின்னல், சாயம், தையல் என ஒவ்வொரு கட்டத்திலும் வேலை செய்யும் இடத்துக்குத் தனிச் சான்று வேண்டும். வாங்குநர் கேட்பது, எந்தெந்த வேலைக்குச் சான்று என்று சொல்லும், உங்கள் பெயரில் உள்ள ஸ்கோப் சான்றிதழை. அதன் எண்ணை ஜிஓடிஎஸ்ஸின் பொதுத் தளத்தில் அவரே தேடிப் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் உங்கள் மற்றச் சொற்களையும் நம்ப மாட்டார். "சான்று பெற்ற நூலில் தைக்கிறோம், எங்கள் கூடத்துக்கு இன்னும் சான்று இல்லை" என்று எழுதினால் அதைப் பாராட்டும் வாங்குநர்களும் உண்டு.

ஈரோடு, மஞ்சள்: ஐயா, நான் தினமும் வணக்கம், பண்டிகை வாழ்த்து என்று பதிவிடுகிறேன். ஜெர்மனியிலிருந்து ஒருவர் முதன்முறையாக எழுதியிருக்கிறார். விலையைக் கேட்காமல் ஆய்வறிக்கை கேட்கிறார். ஆர்வம் இல்லாதவரோ?

அம்மா, இதைவிட ஆர்வமான வாங்குநர் கிடைக்க மாட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் மஞ்சளுக்குப் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அஃப்ளடாக்சின் 10 மைக்ரோகிராம் வரைதான் அனுமதி. ஈயத்துக்கும் வரம்பு உண்டு. எத்திலீன் ஆக்சைடு புகையூட்டிய சரக்கை அங்கே ஏற்க மாட்டார்கள். கிருமி நீக்கத்துக்கு நீராவி முறையை நாடலாம். சரக்கு துறைமுகத்தில் நின்றால் நஷ்டம் அவருக்கு. அதனால்தான் விலைக்கு முன் அறிக்கை.

சென்ற ஆண்டு எடுத்த அறிக்கையை அனுப்பாதீர்கள். இப்போது கையில் இருக்கும் லாட்டிலிருந்து, பல மூட்டைகளில் எடுத்துக் கலந்த மாதிரியை என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குக் கொடுங்கள். அதே கலவையிலிருந்து அரைக் கிலோவை அவருக்கும் அனுப்பி, இன்னொரு பகுதியை லாட் எண்ணோடு முத்திரையிட்டு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி. வாழ்த்துப் பதிவுகளுக்குப் பதிலாக லாட்டின் படம், அறுவடை மாதம், குர்க்குமின் அளவு இவற்றைப் பதிவிட்டால் அவரைப் போன்றவர்கள் தேடி வருவார்கள்.

மதுரை, மசாலாப் பொடி: மைத்துனர் சிங்கப்பூரில் இருக்கிறார். பத்துக் கிலோ கூரியரில் அனுப்பினால் அவர் விற்றுக் கொடுப்பார். அதற்கும் லிங்க்ட்இன் வேண்டுமா?

வேண்டாம். உங்களுக்கு வாங்குநர் ஏற்கெனவே இருக்கிறார்; இல்லாதது பதிவு. விற்பனைக்காக என்றால் பத்துக் கிலோவானாலும் உங்களுக்கு ஏற்றுமதி, இறக்குமதி செய்வோருக்கான ஐஇசி எண்ணும் ஸ்பைசஸ் போர்டு பதிவும் வேண்டும். மைத்துனரும் அங்குள்ள உணவு முகமையில் இறக்குமதியாளராகப் பதிந்திருக்க வேண்டும். முதலில் அவரிடம் அதைக் கேளுங்கள்.

கரூர், வீட்டு ஜவுளி: முதல் செய்தியிலேயே விலையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் அனுபவம். எனக்கு இரண்டு வாங்குநர்கள் அப்படித்தான் வந்தார்கள்.

உங்கள் பொருளுக்கு அது பொருந்தலாம். சமையலறைத் துண்டு போல அளவும் எடையும் எல்லோருக்கும் தெரிந்த சரக்கில், விலையைப் பார்த்ததும் வாங்குநர் ஒப்பிட்டுவிடுவார். வடிவமைத்த ஆடையில், துணியின் ஜிஎஸ்எம், அச்சு, பேக்கிங் தெரியாமல் சொல்லும் விலை நம்மைக் கட்டிப்போடும் என்பது என் கருத்து. இதில் உங்களோடு முழுவதும் உடன்பட முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

போடிநாயக்கனூர், ஏலக்காய்: இங்கிலாந்தின் பெரிய கடைத்தொடர் ஒன்றின் கொள்முதல் அதிகாரி என்று ஒருவர் எழுதினார். 60 நாள் கடனில் உடனே சரக்கு கேட்கிறார். பிரிட்டன் அரசின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் பார்த்தேன், நிறுவனம் இருக்கிறது. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். நிறுவனம் இருப்பது மட்டும்தான் அந்தத் தளத்தில் தெரியும். எழுதியவர் அங்கே வேலை செய்கிறாரா என்பது தெரியாது. உண்மையான பெரிய நிறுவனத்தின் பெயரில் போலி அதிகாரி எழுதி, சரக்கை வேறு கிடங்கில் இறக்கச் சொல்வது அங்கே பழகிப்போன மோசடி.

மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரை நிறுவனத்தின் தளத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். போலி என்றால் பெரும்பாலும் ஒரு கோடோ ஓர் எழுத்தோ கூடியிருக்கும். அவர் தந்த எண்ணை விட்டுவிட்டு, தளத்தில் உள்ள பொது எண்ணுக்கு அழைத்து அவரை இணைக்கச் சொல்லுங்கள். பிறகு மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இசிஜிசியில் அந்த வாங்குநரின் பெயருக்குக் கடன் வரம்பு கேளுங்கள். வரம்பு கிடைத்தாலும், பொறுப்பேற்பது உண்மையான அந்த நிறுவனத்துக்குத்தான். உங்களிடம் எழுதியவருக்கு அல்ல. அதனால் தொலைபேசிச் சரிபார்ப்பை விடக் கூடாது. புதியவர் யாராக இருந்தாலும் முதல் ஆர்டருக்கு 30 சதவீதம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் நகலைக் காட்டியதும் என்று கேளுங்கள். உண்மையான சிறு இறக்குமதியாளர் இதைப் பேரம் பேசுவார். போலி ஆள் அவசரப்படுத்துவார், அல்லது காணாமல் போவார்.

திருப்பூர், குழந்தை ஆடை: அண்ணா, அந்த நெதர்லாந்து லேபிள் போன்ற ஒருவர் இணைப்பை ஏற்றுக்கொண்டார். ஆனால் பத்து நாட்களாகப் பதில் இல்லை. மீண்டும் எழுதலாமா? கட்டணச் சந்தா எடுக்கட்டுமா?

ஒரு முறை எழுதுங்கள். "ஞாபகப்படுத்துகிறேன்" என்று எழுதாமல், புதிதாக ஏதாவது கொடுங்கள். அதே நிறத்தில் பின்னிய துணியின் படம், கழுவிய பின் எவ்வளவு சுருங்கியது என்ற அளவு, மேலாடைகளின் கழுத்துப் பகுதியில் கயிறு வைப்பதில்லை என்ற குறிப்பு. சின்னக் குழந்தைகளின் ஆடையில் கழுத்துப் பகுதியில் கயிற்றை ஐரோப்பியத் தரவிதி தடுக்கிறது. அது உங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிவது நல்லது. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த சீசன் வாங்கும் காலம் வரை விட்டுவிடுங்கள். கோடை ஆடைக்கான முடிவை முந்தைய கோடை முடியும் முன்பே எடுக்கத் தொடங்குவார்கள்.

சந்தாவை இப்போது எடுக்காதீர்கள். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளில் மட்டுமே குறிப்பு எழுத முடியும். வாரம் ஐந்தாறு பேர் என்றால் அது போதாமல் போகலாம். அப்போது முக்கியமானவர்களுக்குக் குறிப்போடும், மற்றவர்களுக்கு வெறும் அழைப்பாகவும் அனுப்பி, ஏற்றுக்கொண்ட பிறகு அந்த மூன்று வாக்கியங்களை எழுதுங்கள்.