தொடையில் பிடிக்கும் ஜீன்ஸ்

கேள்வி: ஜிம்மில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. வெயிட் தூக்குகிறேன், வழக்கமான சாப்பாட்டோடு தினமும் இரண்டு புரோட்டீன் ஷேக் குடிக்கிறேன். ஒன்றரை கிலோ ஏறிவிட்டது, ஜீன்ஸ் தொடையில் பிடிக்கிறது. ஆம்பளை மாதிரி ஆகிவிடுவேனோ? நிறுத்திவிடலாமா?

பதில்: வெயிட்டை நிறுத்த வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது ஷேக்கைத்தான்.

ஏறிய ஒன்றரை கிலோவும் தசையாக இருக்க வழியில்லை. புதிதாகத் தூக்க ஆரம்பித்த பெண்ணுக்கு மாதம் அரை கிலோ தசை கூடினாலே பெரிய விஷயம். ஆண்களுக்குத் தசையைப் பருக்க வைக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களிடம் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. படங்களில் பார்த்துப் பயப்படுகிறீர்களே, அந்த உடம்புக்குப் பின்னால் பல வருடப் பயிற்சியும் அளந்து சாப்பிட்ட சாப்பாடும் இருக்கும். சிலரிடம் ஸ்டீராய்டு ஊசியும் இருக்கும்.

அப்படியானால் தொடை ஏன் பிடிக்கிறது? பெரும்பாலும் தண்ணீர். பழகாத வேலை கொடுத்தால் தசை கிளைகோஜன் என்ற சர்க்கரையைக் கூடுதலாகச் சேமிக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்புவலியோடு வரும் வீக்கமும் இதோடு சேரும். இதெல்லாம் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகாது, சில வாரங்களில் நின்றுவிடும்.

இப்போது ஷேக்குக்கு வருவோம். 300 மில்லி பாலில் ஏறக்குறைய 200 கலோரி, ஒரு கரண்டி பொடியில் 120. இரண்டு வேளைக்கு 640. ஒரு மணி நேரம் வெயிட் தூக்கினாலும் இதில் பாதி செலவானால் அதிகம். சாப்பாட்டைக் குறைக்காமல் இதையும் குடித்தால் மிச்சம் கொழுப்பாகத்தான் சேரும். பழி மட்டும் பாவம், டம்பெல் மேல்!

ஏறியது தசையா, கொழுப்பா என்று டேப் சொல்லிவிடும். காலையில் வெறும் வயிற்றில் தொப்புள் மட்டத்தில் இடுப்பையும், நடுத்தொடையையும் அளந்து எழுதி வையுங்கள். ஜிம் முடிந்த கையோடு அளக்காதீர்கள், மாதவிடாய்க்கு முந்தைய வாரமும் வேண்டாம். இரண்டிலும் அளவு கூடித்தான் காட்டும். நான்கு வாரம் கழித்து மறுபடி அளங்கள். இடுப்பு அப்படியே இருந்து, அல்லது குறைந்து, தொடை மட்டும் அரை சென்டிமீட்டர் கூடியிருந்தால் கவலையே இல்லை. ஒரே எடையில் தசை கொழுப்பைவிடக் குறைந்த இடத்தையே அடைக்கும் என்பதால், எடை மாறாமலே உடம்பு இறுகித் தெரியும். இடுப்பும் சேர்ந்து கூடியிருந்தால் ஷேக்கை ஒன்றாக்கி, தண்ணீரில் கலந்து, மாலைப் பலகாரத்துக்குப் பதிலாகக் குடியுங்கள்.

60 கிலோ எடை உள்ளவருக்கு, எல்லா உணவும் சேர்த்து நாளைக்கு 95 கிராம் புரதம் தாராளம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது: சிலருக்குத் தொடை மற்றவர்களைவிடச் சீக்கிரம் திரளும். அந்த வடிவம் பிடிக்கவில்லை என்றால் ஸ்குவாட் செட்டுகளைப் பாதியாக்குங்கள், எடையையும் ஏற்றாதீர்கள். அதற்கு மேல் பெரிதாக வளராது.