கவர் மெயில்ல அந்த ரெண்டு வரி

“கொழிஞ்சாம்பாறை பக்கம் 26 போர்வெல், 22 திறந்த கிணறுன்னு ஃப்ளோரைடு பார்த்தேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினது போர்வெல்ல 15, கிணத்துல 2. ஜர்னலுக்கு பேப்பரோட அனுப்புற கவர் மெயில்ல ‘நிலத்தடி நீர் தரத்தை விரிவா ஆராய்ஞ்சிருக்கோம், துறைக்குப் பயன்படும்’னு எழுதினேன், கைடு திருப்பிட்டார். ரெண்டு வரியில என்னதான் சொல்றது?”

நானும் சித்தூர் பக்கம்தாங்க. உங்க வரியை வேற எந்தத் தண்ணி பேப்பருக்கு மேல ஒட்டினாலும் பொருந்தும், அதான் சிக்கல், உங்க 15ம் 2ம் அதுல வரவே இல்லையே!

முதல் வரி கண்டுபிடிச்சது, ரெண்டாவது வரி அதனால என்ன மாறுதுன்னு. இப்படி வைங்க:

“ஒரே பகுதியில எடுத்த 26 போர்வெல்ல 15ல ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருக்கு, 22 திறந்த கிணத்துல 2ல மட்டும்தான் தாண்டியிருக்கு. அதனால இந்த மாதிரி பாறைப் பகுதியில கிணத்தையும் போர்வெல்லையும் சேர்த்து சராசரி போட்டா ஆபத்து எங்கன்னு மறைஞ்சிடும்.”

இதை இங்கிலீஷ்ல மாத்தி, தலைப்பு சொன்ன உடனே போடுங்க, அப்ஸ்ட்ராக்ட்ல இருந்து அப்படியே வெட்டி ஒட்டாதீங்க, எடிட்டர் அதைத்தான் அடுத்துப் படிப்பார்.

ஒண்ணு கவனிங்க, ஒரே சீசன்ல எடுத்த சாம்பிள்னா “ஆழம்தான் காரணம்”னு எழுதாதீங்க, “போர்வெல்ல அதிகம்”ங்கிறதோட நிறுத்துங்க. “முதன்முறையா”ங்கிற வார்த்தையும் பழைய பேப்பரெல்லாம் தேடிப் பார்த்த பிறகுதான், ரிவ்யூவர் ஒருத்தர் பழசு ஒண்ணைக் காட்டிட்டா மத்த வரியையும் நம்ப மாட்டாங்க.